காணாமல் போன பூனையின் நோட்டீஸைப் படத்திலிருந்து தமிழில் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். மலாய்தான் எல்லாருக்கும் தெரியுமே, அதைத் தமிழில் போட்டு யாருக்குப் பயன்?

விடியற்காலையில் தெருவில் இருப்பவர்களுக்கு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்காரர்கள், சாப்பாட்டுக் கடைகளின் சமையல்கட்டில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிகள், கோயிலுக்கு நடந்து போகும் பாட்டிமார்கள் எல்லாரும் ஊர் விழிப்பதற்கு முன்பே வெளியே வந்துவிடுகிறார்கள். இவர்களில் பலருக்கு மலாய் பேச வரும். ஆனால் ஈரத்தில் சுருங்கிய தாளில் பொடி எழுத்தைப் படித்து அர்த்தம் பிடிக்கும் அளவுக்கு வராது.

வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை தப்பிவிட்டால் பெரும்பாலும் வெகுதூரம் போவதில்லை. பக்கத்திலேயே ஒரு லோங்காங் மூடியின் அடியிலோ, நிறுத்தி வைத்த காருக்குக் கீழேயோ, பின்சந்தில் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவிலோ சத்தமில்லாமல் ஒடுங்கிக் கிடக்கும். தெரு அடங்கிய பிறகுதான் வெளியே வரும். அந்த நேரத்தில் பின்சந்தில் பாத்திரம் கழுவுகிறவர் கண்ணில்தான் அது முதலில் படும். அவர் கையில் இருக்கப்போவது நீங்கள் எழுதிய தமிழ் மட்டுமே. மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவரால் முடியாது என்பதால், நீங்கள் விட்ட பிழை அவரிடம் போய் உண்மையாகிவிடும். கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் இதுதான் காரணம்.

படம் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? நான் நடந்துகொண்டே ஒரு கிளிக் அடித்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு படம் போதாது. முழுத் தாளும் தெரியும்படி நேராக நின்று ஒன்று, போன் எண் இருக்கும் பகுதியை மட்டும் நெருங்கி ஒன்று, விலங்கின் படத்தை மட்டும் ஒன்று என்று எடுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் நோட்டீஸில் வெயிலோ தெருவிளக்கோ பளபளத்து இரண்டு இலக்கங்களை விழுங்கிவிடும். பிளாஷை அணைத்துவிட்டு ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால் அந்தப் பளபளப்பு இடம் மாறிவிடும்.

அடியில் கிழித்துக்கொண்டு போவதற்காகச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எண்ணை எழுதியிருந்தால் அதையும் படம் பிடியுங்கள். ஒரே எண் பத்துத் தடவை இருக்கிறது என்றால், ஒன்றில் அழிந்தது இன்னொன்றில் தெரியும். கையால் எழுதிய துண்டுகள் என்றால் இன்னும் நல்லது. எழுதியவர் 1-ஐயும் 7-ஐயும் எப்படி வேறுபடுத்துகிறார் என்பது இரண்டு மூன்று துண்டுகளைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

எண்ணில் ஒரு இலக்கம் மழையில் கரைந்துவிட்டது. 6 மாதிரியும் இருக்கிறது, 8 மாதிரியும் இருக்கிறது. எதைப் போடுவது?

இரண்டையும் போடாதீர்கள். முதலில் எத்தனை இலக்கம் என்று எண்ணுங்கள். மலேசியக் கைப்பேசி எண் 011-இல் தொடங்கினால் மொத்தம் 11 இலக்கம். 012, 013, 016, 017, 019 என்று தொடங்கினால் 10. வீட்டு எண் என்றால் கோலாலம்பூரில் 03-க்குப் பிறகு 8 இலக்கமும் பினாங்கில் 04-க்குப் பிறகு 7 இலக்கமும் வரும். எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால், சந்தேகப்பட்ட அந்த ஒரு இலக்கம் மட்டுமல்ல, மடிப்பில் இன்னொன்றும் மறைந்திருக்கிறது என்று பொருள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரு இலக்கம் தெளிவில்லையா? பூனையைத் தொலைத்தவர் ஒரே ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டு நிறுத்துவதில்லை. அதே சாலையில் அடுத்த கம்பம், பேருந்து நிறுத்தம், பல்பொருள் கடையின் கண்ணாடிக் கதவு எல்லாவற்றையும் பாருங்கள், இன்னொரு பிரதி கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் தமிழில் எண்ணே இல்லாமல், “எண் தெளிவாகத் தெரியவில்லை, உறுதிசெய்த பிறகு சேர்க்கப்படும்” என்று எழுதுங்கள். 6-ஐயும் 8-ஐயும் மாற்றி மாற்றிப் போட்டு, “இரண்டில் ஒன்று” என்று பரப்பினால், யாரோ சம்பந்தமில்லாத ஒருவருக்கு இரவு முழுக்க பூனைப் படமாக வந்து குவியும். இரண்டாவது நாளில் அவர் அலுத்துப்போய், வருகிறவர்களிடமெல்லாம் “பூனை கிடைத்துவிட்டது” என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை.

எண்ணைத் தட்டச்சு செய்யும்போது இடைவெளியும் கோடும் மூலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். நாட்டுக் குறியீட்டை நீங்களாகச் சேர்க்காதீர்கள். சேர்க்கும்போது முன்னால் இருக்கும் 0-வை எடுக்க மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

முழு நோட்டீஸ் ஒன்றை எப்படித் தமிழாக்குவது என்று காட்ட முடியுமா?

விளக்குவதற்காக நானே ஒரு நோட்டீஸ் தயாரித்துக்கொள்கிறேன். ஆனால் வரிகள் எல்லாம் நம் தெருக்களில் அன்றாடம் காண்பவைதான். மலாய் வாசகம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

> கூச்சிங் ஹிலாங். நாமா: ஓயேன். ஜந்தான், 2 தாஹுன், டா காசி. வார்னா ஓரேன், பெலாங். டாடா பூத்தே. காக்கி டெப்பான் கிரி பூத்தே. எக்கோர் பெண்டெக், ஹூஜோங் பெங்கோக். கோலார் பீரு, தியாடா லோச்செங். ஹிலாங் 13/6 மாலாம் ஜுமாட், லெபே கூராங் 9.30, பெலாக்காங் லோரோங் ஸ்காட். பெனாக்கோட். காலாவ் நம்பாக், ஜாங்கான் கெஜார். அம்பில் கம்பார், ஹந்தார் லோக்காசி. கால் செலெபாஸ் 6 பெத்தாங் சாஹாஜா. வாட்ஸ்அப் பிலா-பிலா மாசா. சாகு ஹாத்தி ஆக்கான் டிபெரி.

அவசரத்தில் எழுதினால் தமிழ் வழக்கமாக இப்படித்தான் வரும்:

> மஞ்சள் பூனை காணவில்லை! வெள்ளிக்கிழமை இரவு ஸ்காட் ரோட்டில் தொலைந்துவிட்டது. கழுத்தில் நீலப் பட்டை, மணி. உடைந்த வால். கண்டுபிடித்தால் உடனே 6 மணிக்குப் பிறகு தொடர்புகொள்ளவும். பணப் பரிசு உண்டு!

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாள் தவறு, சாலை தவறு, இல்லாத மணி வந்துவிட்டது, வாலுக்குக் காயம் வந்துவிட்டது, வெள்ளைக் காலும் மார்பும் போய்விட்டன, துரத்தாதே என்ற வேண்டுகோளே இல்லை. எந்நேரமும் திறந்திருந்த வாட்ஸ்அப்பும் மூடிவிட்டது. மூலத்தோடு ஒட்டி எழுதினால்:

> பூனை காணவில்லை
> பெயர்: ஓயேன். ஆண். வயது 2. கருத்தடை செய்யப்பட்டது.
> நிறம்: ஆரஞ்சு, உடலில் வரிகள். மார்பு வெள்ளை. முன் இடது கால் வெள்ளை.
> வால்: குட்டை, நுனி வளைந்திருக்கும்.
> கழுத்துப்பட்டை: நீலம். மணி இல்லை.
> காணாமல் போனது: 13/6, வியாழக்கிழமை இரவு, சுமார் 9.30.
> இடம்: லோரோங் ஸ்காட் பின்புறம். ரூமியில்: Lorong Scott
> பயந்த சுபாவம். கண்ணில் பட்டால் துரத்தாதீர்கள். படம் எடுங்கள், லொகேஷனை அனுப்புங்கள்.
> போனில் அழைக்க: மாலை 6 மணிக்குப் பிறகு மட்டும்.
> வாட்ஸ்அப்: எந்நேரமும்.
> சன்மானம் வழங்கப்படும்.

கடைசியில் எண், அதற்குக் கீழே மூலப் படம். படத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ஒருவர் சந்தேகப்பட்டால் பார்த்துக்கொள்ள அது ஒன்றுதான் வழி.

மூலத்தில் இருக்கும் வரிசையிலேயே, ஒரு வரிக்கு ஒரு செய்தியாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பத்தியாக எழுதும்போதுதான் விவரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பட்டையும் மணியும் சேர்ந்து “நீலப் பட்டை, மணி” ஆனது அப்படித்தான். இன்னொன்று, “டா காசி”. பேச்சு மலாயில் “காசி” என்றால் கொடு என்றும் பொருள். “கொடுத்தாயிற்று” என்று படித்துவிட்டு, பூனையை யாருக்கோ தத்துக் கொடுத்ததாக எழுதக்கூடாது. ஆண், வயது என்ற விவரங்களுக்கு அடுத்து வந்தால் அது கருத்தடைதான்.

“மாலாம் ஜுமாட்” என்றால் வெள்ளிக்கிழமை இரவுதானே? ஏன் வியாழன் என்று போட்டீர்கள்?

மலாய்க்காரர்கள் வழக்கில் “மாலாம் ஜுமாட்” என்றால் வெள்ளிக்கிழமை பிறக்கும் முன் வரும் இரவு, அதாவது நாம் சொல்லும் வியாழக்கிழமை இரவு. வெள்ளிக்கிழமை இரவைச் சொல்ல நினைத்தால் “ஜுமாட் மாலாம்” என்று திருப்பிச் சொல்வார்கள். “மாலாம் அஹாட்” என்றால் அதே கணக்கில் சனிக்கிழமை இரவு.

எல்லாரும் இந்த வழக்கைக் கறாராகப் பின்பற்றுவதில்லை என்பதால் தேதியை வைத்துச் சரிபார்த்தே ஆகவேண்டும். மாதிரி நோட்டீஸ் 2024-ஐச் சேர்ந்தது என்று வைத்தால், ஜூன் 13 வியாழக்கிழமை. தேதியும் வழக்கும் பொருந்துகின்றன, தைரியமாக எழுதலாம். தேதி 14/6 என்று இருந்து கூடவே “மாலாம் ஜுமாட்” என்றும் இருந்தால் இரண்டும் முட்டுகின்றன. அப்போது தமிழில் 14/6 என்று மட்டும் எழுதிவிட்டு, கிழமையை உரிமையாளரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன என்று தோன்றலாம். ஆனால் கடைக்காரர் தன் கேமராப் பதிவைத் திருப்பிப் பார்க்க முன்வரும்போது, எந்த இரவு என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. பல கடைகளில் பழைய பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும்.

நேரத்திலும் இப்படி ஒன்று உண்டு. “12.30 பாகி” என்று எழுதியிருந்தால் அது நள்ளிரவு தாண்டி 12.30. மலாயில் நள்ளிரவுக்குப் பிறகு எல்லாமே “பாகி”தான். அதைக் “காலை 12.30” என்று தமிழில் எழுதினால் படிப்பவர் பகல் என்றே எடுத்துக்கொள்வார். “நள்ளிரவு 12.30” என்று எழுதுங்கள். நள்ளிரவு கடந்துவிட்டால் தேதியும் மாறிவிடும். நோட்டீஸில் போட்டிருக்கும் தேதி அந்த இரவின் தொடக்கத்தைக் குறிக்கிறதா முடிவைக் குறிக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

5/6 போன்ற தேதி நம் நாட்டில் ஜூன் 5. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் படிப்பார்கள் என்பதால் “ஜூன் 5” என்று மாதப் பெயரோடு எழுதிவிடலாம்.

சாலைப் பெயரைத் தமிழில் மொழிபெயர்க்கலாமா? நாங்கள் எல்லாரும் “ஸ்காட் ரோடு” என்றுதான் சொல்கிறோம்.

பேசும்போது சொல்லுங்கள், நோட்டீஸில் வேண்டாம். ஜாலான் ஸ்காட் வேறு, லோரோங் ஸ்காட் வேறு. கந்தசாமி கோயில் இருப்பது லோரோங் ஸ்காட்டில். ஜாலானை “ரோடு” என்றும் லோரோங்கை “சந்து” என்றும் மாற்றினால், பிறகு எது எதிலிருந்து வந்தது என்று யாராலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே லோரோங், ஜாலான், லெபோ, தாமான் எல்லாவற்றையும் ஒலிபெயர்த்து அப்படியே வையுங்கள். பக்கத்திலேயே ரூமி எழுத்திலும் ஒருமுறை கொடுங்கள், வரைபடத்தில் தட்டித் தேட அதுதான் வேண்டும்.

சாலையின் கடைசியில் இருக்கும் எண் அநாவசியம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஜாலான் துன் சம்பந்தன் என்பது பிரிக்பீல்ட்ஸின் பெருஞ்சாலை, ஜாலான் துன் சம்பந்தன் 4 என்பது அதிலிருந்து தனியான ஒரு சாலை. அந்த 4 போனால் தேடுகிறவர் பூக்கடைகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவில் போய் நிற்பார்.

அடையாளமாக நீங்கள் அறிந்த கோயிலையோ கடையையோ சேர்க்க ஆசை வரும். “பெலாக்காங் லோரோங் ஸ்காட்” என்றால் அந்தச் சந்தின் பின்புறம், அவ்வளவுதான். கோயிலின் பின்புறம் என்று அவர் சொல்லவில்லை. சேர்த்தே ஆகவேண்டும் என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறம், வால், காது பற்றிய சொற்களில்தான் தடுமாறுகிறேன். எது எதற்குச் சமம்?

அகராதியை விட நோட்டீஸில் இருக்கும் படம் உதவும். வாசகத்தைப் படித்துவிட்டுப் படத்தில் அதைத் தேடுங்கள். பெலாங் என்றால் வரி, தொம்போக் என்றால் பெரிய திட்டு, பிந்தேக் என்றால் சிறு புள்ளி. மூன்றையும் “புள்ளி” என்று எழுதிவிட்டால் மூன்று வெவ்வேறு பூனைகள் ஒன்றாகிவிடும். ஓரேன் என்பதை நம் வீடுகளில் மஞ்சள் என்றும் சிவப்பு என்றும் பழுப்பு என்றும் சொல்கிறோம். நோட்டீஸில் ஆரஞ்சு என்றே போட்டுவிடுங்கள், எல்லாருக்கும் அந்த நிறம் தெரியும். கெலாபு சாம்பல், சோக்லாட் பழுப்பு.

வால் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் ஊர்ப் பூனைகளில் குட்டை வாலும் முறுக்கிய நுனியும் பிறவியிலேயே மிகச் சாதாரணம். “கொந்தோட்” என்றால் கட்டை வால், “பெங்கோக்” என்றால் வளைந்தது. இதை “உடைந்த வால்” என்றோ “வெட்டுப்பட்ட வால்” என்றோ எழுதினால், படிப்பவர் அடிபட்ட பூனையைத் தேடுவார். ஆரோக்கியமாக ஓடும் பூனை எதிரே வந்தால் “இது இல்லை” என்று விட்டுவிடுவார்.

காதும் அதே மாதிரி. “ஹூஜோங் தெலிங்கா டிபோத்தோங்” என்றால் காது நுனியை ஒருவர் வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார். தெருப் பூனைக்குக் கருத்தடை செய்துவிட்டு, திரும்பவும் பிடித்துக்கொண்டு போகாமலிருக்க மருத்துவர் வைக்கும் அடையாளம் அது. “தெர்கோயாக்” என்றிருந்தால் சண்டையிலோ கம்பியிலோ தானாகக் கிழிந்தது. முதலாவது நேர்கோடாக இருக்கும், இரண்டாவது ஒழுங்கில்லாமல் இருக்கும். தமிழிலும் “காது நுனி நேராக வெட்டப்பட்டிருக்கும்”, “காது கிழிந்திருக்கும்” என்று பிரித்தே எழுதுங்கள்.

நோட்டீஸில் “இடது கால் வெள்ளை” என்று இருக்கிறது, படத்திலோ வலது கால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. நானே திருத்திவிடலாமா?

திருத்தாதீர்கள். முதலில், பூனை நம்மைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அதன் இடது கால் நமக்கு வலப்பக்கம் தெரியும். அதைக் கணக்கில் எடுத்த பிறகும் முரண்பட்டால், முன்பக்கக் கேமராவில் எடுத்த படமாக இருக்கலாம். சில போன்களில் அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிப் பதிவாகும். உரிமையாளர் எழுதும்போது குழம்பியிருக்கவும் கூடும். இவற்றில் எது நடந்தது என்று படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது, ஒரு வாட்ஸ்அப் செய்தியில் தெரிந்துவிடும். பதில் வரும்வரை “முன்கால் ஒன்று வெள்ளை” என்று எழுதி வைத்தால் தப்பில்லை, அதில் பொய் எதுவும் இல்லை.

மூன்று நிறப் பூனையை ஆண் என்று எழுதியிருந்தாலும் இதே முறைதான். மூன்று நிறப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண். ஆண் மிக அபூர்வம், ஆனால் உண்டு. கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

தொடர்பு பற்றிய வரிகளை எப்படி எழுதினாலும் அர்த்தம் கொஞ்சம் மாறுகிற மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

குற்றவாளி பெரும்பாலும் “மட்டும்” என்ற சொல் உட்காரும் இடம். “மாலை 6 மணிக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் மட்டும்” என்றால் போன் அழைப்பே கூடாது. “மாலை 6 மணிக்குப் பிறகு மட்டும் வாட்ஸ்அப்பில்” என்றால் பகலில் செய்தியே அனுப்பக்கூடாது. மாதிரி நோட்டீஸ் சொல்வது இரண்டுமில்லை: அழைப்புக்குத்தான் நேரக் கட்டுப்பாடு, செய்திக்கு இல்லை. ஒருவேளை அவர் தொழிற்சாலையில் வேலை செய்கிறவராக இருக்கலாம், பகலில் போனை எடுக்க முடியாது, ஆனால் இடைவேளையில் செய்தி பார்ப்பார். இப்படி இரண்டு வழி, இரண்டு நிபந்தனை என்று வந்தால் ஒரே வாக்கியத்தில் அடைக்காமல் இரண்டு வரியாகப் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது “நம்பாக்” என்பதும் “ஜும்பா” என்பதும். நம்பாக் என்றால் கண்ணில் படுவது, ஜும்பா என்றால் கண்டெடுப்பது. “காலாவ் நம்பாக்” என்பதை “கண்டுபிடித்தால்” என்று எழுதினால், படிப்பவர் பூனை கைக்குள் வந்த பிறகுதான் தெரிவிக்க வேண்டும் என்று நினைப்பார். ஆகவே பிடிக்கப் போவார். பயந்த பூனையைத் துரத்தினால் அது தனக்குப் பழகிய மறைவிடத்தை விட்டு, சாலையைத் தாண்டி, தெரியாத இடத்துக்கு ஓடிவிடும். அதுவரை ஒரே சந்துக்குள் இருந்த தேடல் மூன்று சாலைகளுக்குப் பரவிவிடும். “ஜாங்கான் கெஜார்” மூலத்தில் பெரிய எழுத்தில் இருந்தால் தமிழிலும் தடித்த எழுத்தில், தனி வரியில் போடுங்கள். “துரத்தாமல் இருப்பது நல்லது” என்று மென்மையாக்காதீர்கள்.

மருந்து, உணவு பற்றிய வரிகளும் இந்த வகைதான். “சர்க்கரை நோய் உள்ளது, உணவு கொடுக்க வேண்டாம்” என்று இருந்தால் அதைப் பெயருக்கு அடுத்தபடியே தெரியும் இடத்தில் வையுங்கள். பசியோடு இருக்கும் பூனைக்கு நம்மவர்கள் முதலில் செய்வது ஒரு கிண்ணம் பால் வைப்பதுதான்.

எனக்கு அந்தப் பூனையையே தெரியும். அதன் வயிற்றில் ஒரு கறுப்பு மச்சம் உண்டு, நோட்டீஸில் அது இல்லை. சேர்க்கலாமா?

வேண்டாம். உரிமையாளர் அதை மறந்திருக்கலாம், வேண்டுமென்றே மறைத்தும் இருக்கலாம். “உங்கள் பூனை என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள்” என்று படத்தை மட்டும் பார்த்துவிட்டு அழைக்கும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. அப்போது “வயிற்றில் என்ன அடையாளம் இருக்கிறது?” என்று கேட்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே பிடி. நீங்கள் அதைத் தமிழில் எழுதிப் பரப்பிவிட்டால் அந்தப் பிடியும் போய்விடும். மைக்ரோசிப் எண்ணும் அப்படியே. சிப் இருக்கிறது என்று நோட்டீஸ் சொன்னால் இருக்கிறது என்று எழுதுங்கள், எண்ணைக் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

சன்மானம் எவ்வளவு என்று போடவில்லை. மலாய்ப் பகுதியில் ஒன்றும் ஆங்கிலப் பகுதியில் ஒன்றும் இருந்தால்?

“சாகு ஹாத்தி” என்றால் அன்பளிப்பாக ஏதோ ஒன்று. தொகை இல்லையென்றால் “சன்மானம் வழங்கப்படும்” என்பதோடு நிறுத்துங்கள். இரண்டு பகுதியில் இரண்டு தொகை இருந்தால் எதையும் தேர்ந்தெடுக்காமல், சன்மானம் உண்டு என்று மட்டும் எழுதிவிட்டு உரிமையாளருக்குத் தெரிவியுங்கள். பழைய தாளில் தொகையை ஒரு மொழியில் மட்டும் திருத்தியிருப்பார், மற்றதை மறந்திருப்பார்.

பூனை இல்லை, நகை அல்லது பை தொலைந்த நோட்டீஸ் என்றால் இதே முறைதானா?

அடிப்படை அதேதான், ஆனால் நகையில் அளவு முக்கியம். “கெலாங் 916, 15 கிராம்” என்று இருந்தால் அப்படியே “வளையல், 916, 15 கிராம்” என்று எழுதுங்கள். நம்மவர்களுக்குப் பவுன் கணக்குதான் பழக்கம் என்று “சுமார் 2 பவுன்” ஆக்கினால் அது 16 கிராம். கண்டெடுத்தவர் கடையில் நிறுத்துப் பார்த்துவிட்டு, இது வேறு நகை என்று நினைத்துவிடலாம். கெலாங் வளையல், ரந்தாய் சங்கிலி, சிஞ்சின் மோதிரம். ரந்தாய் என்பதை நீங்களாகத் தாலிச் சங்கிலி ஆக்கவேண்டாம், படிப்பவர் தாலியைத் தேடுவார்.

பையோடு அடையாள அட்டையும் தொலைந்ததென்று சிலர் அதன் படத்தையே நோட்டீஸில் போட்டுவிடுகிறார்கள். அந்த 12 இலக்க எண்ணைத் தமிழில் திரும்ப எழுதாதீர்கள். நீங்கள் பகிரும் படத்திலும் அதை மறைத்துவிடுங்கள். அட்டையைக் கண்டெடுத்தவருக்கு அதிலேயே எண் இருக்கிறது, மற்றவர்களுக்கு அது தேவையில்லை. மூலத்தில் உள்ள விவரங்களை அப்படியே காக்க வேண்டும் என்ற விதியை நான் மீறச் சொல்வது இந்த ஓர் இடத்தில்தான்.

எழுதி முடித்துவிட்டேன். குழுக்களில் போடும் முன் என்ன செய்ய வேண்டும்?

உரிமையாளருக்கு முதலில் அனுப்புங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் எண், தேதி, நேரம், ரூமியில் இருக்கும் சாலைப் பெயர் நான்கையும் அவரால் சரிபார்க்க முடியும். அவருடைய எண் கம்பத்தில் ஒட்டியிருப்பதும், 300 பேர் இருக்கும் குழுவில் சுற்றுவதும் ஒன்றல்ல, ஆகவே சம்மதமும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு தமிழ் தெரிந்த இன்னொருவரிடம் உங்கள் வாசகத்தை மட்டும் கொடுத்து, “இதைப் பார்த்துவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். “பிடித்து வைத்துக்கொண்டு போன் பண்ணுவேன்” என்று பதில் வந்தால், துரத்தாதீர்கள் என்ற வரி அவர் கண்ணில் படவில்லை. அதை மேலே தூக்குங்கள்.

பதிவின் முதல் வரியில் நீங்கள் பகிரும் தேதியைப் போடுங்கள். பூனை வீடு திரும்பியதும் அனுப்பிய ஒவ்வொரு குழுவிலும் “கிடைத்துவிட்டது, இனிப் பகிர வேண்டாம்” என்று பழைய செய்திக்குப் பதிலாகவே எழுதுங்கள், முடிந்த இடத்தில் பழையதை நீக்கிவிடுங்கள். மற்ற குழுக்களுக்கு ஏற்கெனவே போய்விட்ட பிரதிகளை உங்களால் நீக்க முடியாது. ஆனால் அவற்றில் தேதி இருந்தால், அடுத்த மாதம் பார்க்கிறவர் பகிரும் முன் அந்த எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுக்கொள்வார்.